ராத்திரி 2 மணி, இரண்டு சிரப்

ஜுரம் அடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் ராத்திரி யாரும் தூங்குவதில்லை. ஒருவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், ஒருவர் தெர்மாமீட்டரை உதறுவார், இன்னொருவர் அலமாரியில் இருக்கும் சிரப் பாட்டிலை எடுத்துக் குலுக்குவார். அப்படி ஒரு வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். இரண்டரை வயதுப் பையன், எடை 12 கிலோ. அக்கா பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஃப்ளூ இப்போது இவனுக்கு. ராத்திரி 8 மணிக்கு 102.5 டிகிரி. அம்மா பாரசிட்டமால் சிரப் 7.5 மில்லி கொடுக்கிறார். 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப் அது. ஆக, உள்ளே போனது 180 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது பாரசிட்டமாலுக்கு ஒரு வேளையின் மேல் எல்லை. அளவு சரிதான்.

9 மணிக்கு மறுபடி பார்த்தால் 101.8. "மருந்து வேலை செய்யவே இல்லையே" என்கிறார் பாட்டி. தவறு தொடங்குவது இங்கேதான். பாரசிட்டமால் ஜுரத்தைத் தணிக்கத் தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நன்றாக இறங்குவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகலாம். ஒரு மணி நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துத் தீர்ப்பு சொல்வது, உலை வைத்தவுடன் சோறு வெந்ததா என்று பார்ப்பதைப் போன்றது.

அப்பா மருந்துக்கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் இன்னொரு பாட்டிலைக் கொடுத்து, "அதையும் இதையும் மூணு மணி நேரம் விட்டு மாத்தி மாத்திக் குடுங்க சார்" என்கிறார். ஐபுபுரூஃபன் என்று சொல்லித்தான் கொடுத்தார், லேபிளிலும் அந்தப் பேர் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் பாரசிட்டமாலும் இருக்கிறது. நம் ஊரில் இரண்டும் கலந்த சிரப் சாதாரணமாகக் கிடைக்கும். 5 மில்லியில் ஐபுபுரூஃபன் 100 மில்லிகிராம், பாரசிட்டமால் 162.5 மில்லிகிராம் என்பது அதில் வழக்கமாகக் காணும் அளவு.

இப்போது மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். 8 மணிக்கு பாரசிட்டமால், 11 மணிக்குக் கலவை, 2 மணிக்கு பாரசிட்டமால், 5 மணிக்குக் கலவை என்று ஒரு முழு நாள் ஓடினால் 4 வேளை அதுவும் 4 வேளை இதுவும் ஆகிறது. பெற்றோர் கணக்கில் பாரசிட்டமால் 4 வேளைதான், அதாவது 720 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு அதுவே போதும் என்று நிறுத்த வேண்டிய அளவு. உண்மையில் கலவை வழியாக இன்னும் 650 சேர்ந்து, பையன் உடம்பில் 1370 மில்லிகிராம் இறங்கியிருக்கிறது. ஏறக்குறைய இரு மடங்கு. இப்படி ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடி வாங்குவது கல்லீரல். முதல் நாளில் ஒன்றுமே தெரியாது, அல்லது வெறும் வாந்தி, சோர்வு என்று ஃப்ளூ போலவே தெரியும். கல்லீரல் கெட்டது வெளியே தெரிய இரண்டு நாளாவது ஆகும். அதனால் அளவு மீறியது தெரிந்தால், குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, அது சீக்கிரம் கொடுத்தால்தான் முழுதாகப் பலன் தரும்.

கலவை சிரப்பே இல்லாத வீட்டிலும் இந்தத் தப்பு வேறு வழியில் நடக்கும். பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்றும் 250 என்றும் தனித்தனிப் பாட்டில்கள் வருகின்றன. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். போன தடவை 7.5 மில்லி கொடுத்த ஞாபகத்தில் இந்தத் தடவை 250 பாட்டிலில் அதே 7.5 மில்லியை ஊற்றினால் 375 மில்லிகிராம் போய்விடும். டாக்டர் சொன்ன மில்லி எந்தப் பாட்டிலுக்குச் சொன்னது என்பதுதான் கேள்வி. சளி மருந்து என்று வாங்கும் சிரப்களிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும்.

சரி, இரண்டில் எது நல்லது? ஃப்ளூ கிருமியை இரண்டுமே கொல்லாது. ஜுரத்தையும் உடம்பு வலியையும் குறைத்து, குழந்தை கொஞ்சம் தண்ணீர் குடித்துத் தூங்க வழி செய்யும், அவ்வளவே. பாரசிட்டமாலின் வேலை 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். ஐபுபுரூஃபன் 6 முதல் 8 மணி நேரம் நிற்கும், ஜுரத்தைச் சற்று நன்றாகவே இறக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தும் ஃப்ளூவில் முதலில் பாரசிட்டமாலை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் ஐபுபுரூஃபன் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

ஜுரம், வீக்கம், வலி மூன்றுக்கும் பின்னால் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் இருக்கிறது. ஐபுபுரூஃபன் அது சுரப்பதை உடம்பு முழுக்கத் தடுக்கிறது. ஆனால் அதே ரசாயனம்தான் இரைப்பையின் உள்சுவரில் கொழகொழப்பான பூச்சைப் பூசி அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது. பூச்சு மெலிந்தால் எரிச்சல், வயிற்று வலி, சிலருக்குப் புண், ரத்தக் கசிவு. மலம் தார்போலக் கறுத்தால் அது ரத்தம். ஏதாவது சாப்பிட்டபின் ஐபுபுரூஃபனைக் கொடுக்கச் சொல்வது இதனால்தான். ஃப்ளூ வந்த குழந்தையோ இரண்டு நாளாக ஒரு இட்லிகூட இறங்காமல் கிடக்கும். பாரசிட்டமால் வயிற்றோடு இப்படி மல்லுக்கு நிற்பதில்லை, வெறும் வயிற்றிலும் கொடுக்கலாம்.

சிறுநீரகத்தின் கதை இதைவிட நுட்பமானது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறைகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் பங்கும் சுருங்குகிறது. அந்த நேரத்தில் சிறுநீரக வடிகட்டிக்குள் நுழையும் நுண்குழாயைத் திறந்தே வைத்திருப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். வாய்க்காலில் தண்ணீர் குறைந்த நாளில் கடைமடைக்கு மடையைத் திறந்துவைப்பவர் மாதிரி. நன்றாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அவர் தேவையில்லை, ஒரு வேளை ஐபுபுரூஃபன் எதுவும் செய்யாது. வாந்தி எடுத்து, வேர்த்து, வேகவேகமாக மூச்சு வாங்கி, தண்ணீரைத் தொடாமல் கிடக்கும் குழந்தைக்கு அதே ஒரு வேளை மருந்து மடையை அடைத்துவிடும். சிறுநீர் குறையும், ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். பெரும்பாலும் சலைன் ஏற்றி மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு டயாலிசிஸ்வரை போயிருக்கிறது.

ஆகவே ஐபுபுரூஃபன் பாட்டிலைத் திறக்குமுன் தெர்மாமீட்டரைப் பார்ப்பதைவிட ஜட்டியைப் பார்ப்பது நல்லது. கடைசியாக எப்போது உச்சா போனான்? 6 மணி நேரத்துக்கு மேலாகிவிட்டதா, போனதும் கடும் மஞ்சளாக இருந்ததா? அழும்போது கண்ணீர் வருகிறதா? உதடும் நாக்கும் காய்ந்திருக்கின்றனவா, கண் குழிவிழுந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஐபுபுரூஃபன் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக, ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். டம்ளரோடு குடிக்கவைத்தால் வாந்தியில் எல்லாம் வெளியே வரும்.

தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஃப்ளூவும் டெங்குவும் சேர்ந்தே திரியும். முதல் இரண்டு மூன்று நாளில் வெறும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. டெங்குவில் தட்டணுக்கள் குறையும்போது ஐபுபுரூஃபன் கொடுத்தால் ரத்தக்கசிவுக்குக் கதவு திறந்த மாதிரி. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் தொடக்கூடாது. ஆஸ்பிரினோ ஃப்ளூ வந்த குழந்தைக்கு எப்போதுமே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி அதனால் வரும். நிமெசுலைடு சிரப் பழைய பாட்டிலாக வீட்டில் கிடந்தால் கொட்டிவிடுங்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை இந்தியாவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள்.

இதே ஃப்ளூ தாத்தாவுக்கும் ஒட்டினால் கணக்கு இன்னும் கடுமை. டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரையும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறவர், ஜுரத்தில் தண்ணீரும் குடிக்காமல், உடம்பு வலிக்கு ஐபுபுரூஃபனையும் போட்டால், சிறுநீரகத்தை மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்து அமுக்கிய மாதிரி ஆகும். அவருக்கு பாரசிட்டமால்தான்.

மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பலனே இல்லையா? இருக்கிறது. 2008-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 156 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 24 மணி நேரத்தில், பாரசிட்டமால் மட்டும் பெற்றவர்களைவிட 4.4 மணி நேரம் ஜுரம் குறைவாக இருந்தது. ஐபுபுரூஃபன் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 2.5 மணி நேரம்தான். அதே ஆய்வில், எழுதிக் கொடுத்த அட்டவணையோடு மருந்து கொடுத்த வீடுகளிலும் 8 சதவீதக் குழந்தைகளுக்கு பாரசிட்டமாலும் 11 சதவீதக் குழந்தைகளுக்கு ஐபுபுரூஃபனும் ஒரு நாளில் கொடுக்கக்கூடிய வேளைகளைத் தாண்டிப் போயின. தூக்கக் கலக்கத்தில், மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் இப்படிச் செய்கிறார்கள். ஜுரத்தை மருந்தால் அடக்கினாலும் ஜுர வலிப்பு வருவது குறைவதில்லை.

என் கட்சி ஒரே பாட்டில். 101 டிகிரி இருந்தும் குழந்தை பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தால் அந்த ஒரு பாட்டிலும் வேண்டாம், மருந்து நம் மன அமைதிக்கு அல்ல. பாரசிட்டமால் கொடுத்து 3 மணி நேரம் ஆகியும் குழந்தை வலியில் சுருண்டு கிடந்தால், தண்ணீர் குடித்து உச்சாவும் போகிறது, டெங்கு இல்லை, ஆஸ்துமா இல்லை, வயது 6 மாதத்துக்கு மேல் என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஐபுபுரூஃபன் ஒரு வேளை கொடுக்கலாம். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், கலவை இல்லாத சிரப்பாக இருக்க வேண்டும். நம் 12 கிலோ பையனுக்கு 5 மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 5 மில்லி. அடுத்த ஐபுபுரூஃபனுக்கு 6 மணி நேரமும், அடுத்த பாரசிட்டமாலுக்கு அதன் முந்தைய வேளையிலிருந்து குறைந்தது 4 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். கொடுத்த மருந்து, மில்லி, மணி மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பாட்டி கொடுத்தாரா, அப்பா கொடுத்தாரா என்ற சந்தேகம் வந்தால், கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

3 மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி தாண்டினாலே வீட்டு வைத்தியம் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. பெரிய குழந்தையானாலும் எழுப்பினால் எழவில்லை, மூச்சுவிடத் திணறுகிறது, 8 மணி நேரமாக உச்சா இல்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். போகும்போது வீட்டில் கொடுத்த சிரப் பாட்டில்கள் எல்லாவற்றையும், காலிப் பாட்டிலானாலும், பையில் போட்டுக்கொண்டு போங்கள். "ஜுர மருந்து குடுத்தோம் டாக்டர்" என்பதை வைத்து எவ்வளவு போயிருக்கிறது என்று யாராலும் கணக்குப் போட முடியாது.