பாக்கெட்டில் எழுதியதை யார் பார்த்தார்கள்?

பாக்கெட்டில் அடைத்து விற்கும் இறைச்சியின் மேல் மூன்று வாசகங்களை அடிக்கடி பார்க்கிறோம். ஹார்மோன் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, புல் தின்று வளர்ந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் விலையும் கூடிவிடுகிறது. பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி உறுதிமொழிதான். ஆனால் ஒன்று சட்டப்படி ஏற்கெனவே உள்ளதையே சொல்கிறது, இன்னொன்று சோதித்தால் பொய்த்துப்போகக்கூடியது, மூன்றாவது நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே சொல்கிறது. இந்த வாசகங்கள் அதிகமாகப் புழங்குவதும், அவற்றை ஒட்டி வழக்குகளும் சோதனைகளும் நடந்திருப்பதும் அமெரிக்காவில். அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் எந்த ஊர் லேபிளையும் நிதானமாகப் படிக்கலாம்.

அங்கே இப்படி ஒரு லேபிளை ஒட்ட, வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விலங்கு எப்படி வளர்க்கப்பட்டது என்ற விளக்கம், அதை ஆமோதிக்கும் கையெழுத்திட்ட உறுதிமொழி, மற்ற விலங்குகளோடு கலந்துவிடாமல் பிரித்து வைக்கும் முறை ஆகியவற்றை நிறுவனம் எழுதிக் கொடுக்கும். அதிகாரி அந்தக் காகிதங்களைப் படித்துப் பார்த்து அனுமதி தருவார். பண்ணைக்குப் போய்ப் பார்ப்பது இந்த நடைமுறையில் இல்லை. இறைச்சிக்கூடத்தில் அரசு ஆய்வாளர் இருக்கிறார். ஆனால் அங்கே வந்து நிற்கும் மாட்டைப் பார்த்து, அது போன மாதம் என்ன தின்றது, என்ன ஊசி போட்டுக்கொண்டது என்று அவரால் சொல்ல முடியாது.

முதலில் ஹார்மோன். அமெரிக்காவில் கோழிக்கும் பன்றிக்கும் வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க அனுமதியே இல்லை. அதனால் கோழி பாக்கெட்டில் ‘ஹார்மோன் சேர்க்கவில்லை’ என்று போட்டால், ‘ஹார்மோன் பயன்படுத்தச் சட்டம் தடை செய்கிறது’ என்ற வரியையும் சேர்த்தே அச்சிட வேண்டும். பக்கத்து பாக்கெட்டில் இருக்கும் கோழிக்கும் ஹார்மோன் கிடையாது என்பதை வாங்குபவர் அறியத்தான் அந்த வரி. நம் ஊரில் ‘பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள்’ என்ற பேச்சு ஓயாமல் இருப்பதால், இங்கேயும் அந்த வாசகத்துக்கு மவுசு அதிகம். பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தொடுவதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் சத்தான தீவனமும்தான். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் அது செரித்துப் போய்விடும். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போடுவதும் நடக்கிற காரியமில்லை.

மாட்டிறைச்சியில் கதை வேறு. அமெரிக்காவில் மாட்டின் காதுத் தோலுக்கு அடியில் ஹார்மோன் மாத்திரையைப் பதித்து வைப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடை செய்திருக்கிறது. ஆகவே அங்கே மாட்டிறைச்சியின் மேல் ‘ஹார்மோன் கொடுக்கவில்லை’ என்று இருந்தால் அது உண்மையிலேயே ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறது. ‘ஹார்மோனே இல்லாத இறைச்சி’ என்று மட்டும் எதிலும் சொல்ல முடியாது. எந்த விலங்கின் உடலிலும் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் இருக்கத்தான் செய்யும்.

சிக்கல் அதிகம் இருப்பது ஆன்டிபயாடிக் வாசகத்தில். இதில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ‘ஆன்டிபயாடிக் எச்சம் இல்லை’ என்பது கறியைப் பற்றிய பேச்சு. மருந்து கொடுத்த விலங்கை, மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை குறிப்பிட்ட நாட்கள் காத்திருந்துதான் வெட்ட வேண்டும் என்பது விதி. அந்த நாட்களைக் கடைப்பிடித்தால், வாழ்நாளெல்லாம் மருந்து தின்ற கோழியின் கறியும் எச்சப் பரிசோதனையில் தேறிவிடும். ‘ஆன்டிபயாடிக் கொடுக்காமல் வளர்த்தது’ என்பது விலங்கின் வாழ்க்கையைப் பற்றிய பேச்சு. மருந்துக்கு அடங்காத கிருமிகளை நினைத்துக் கவலைப்படுபவருக்கு இந்த இரண்டாவது வாசகம்தான் முக்கியம். அந்தக் கிருமிகள் பண்ணையில் மருந்து கொடுக்கும்போதே உருவாகின்றன. கறியில் எச்சம் இருக்கிறதா, இல்லையா என்பது அதை மாற்றாது. நம் ஊர் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது முதல் வாசகம்.

இரண்டாவது வாசகத்தையும் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? 2007இல் டைசன் என்ற பெரிய கோழி நிறுவனம் ‘ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது’ என்ற லேபிளுக்கு வேளாண் துறையிடம் அனுமதி வாங்கியது. அதன் தீவனத்தில் அயனோஃபோர் என்ற பொருள் இருந்தது. கோழிக் குடலில் வரும் ஒட்டுண்ணி நோயைத் தடுக்கக் கலப்பது அது. மனித மருத்துவத்தில் பயன்படாதது என்றாலும், அரசின் பட்டியலில் அதுவும் ஆன்டிபயாடிக்தான். அனுமதி கொடுத்தது தவறு என்று துறை பின்வாங்கியது. மனிதரைப் பாதிக்கும் வகை ஆன்டிபயாடிக் இல்லை என்று வாசகத்தைத் திருத்தி நிறுவனம் மீண்டும் அனுமதி பெற்றது. போட்டி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2008இல் இன்னொன்றும் வெளியே வந்தது: குஞ்சு பொரிப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பு முட்டைக்குள்ளேயே ஜென்டாமைசின் ஊசி போடப்பட்டிருந்தது. ஜென்டாமைசின் மனிதருக்கும் கொடுக்கும் மருந்து. குஞ்சு வெளியே வந்த பிறகுதான் ‘வளர்ப்பு’ தொடங்குகிறது என்பது நிறுவனத்தின் வாதம். துறை அதை ஏற்கவில்லை, லேபிள் திரும்பப் பெறப்பட்டது.

அதற்குப் பிறகும் காகிதமே ஆதாரமாகத் தொடர்ந்தது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்ததாகச் சான்று பெற்று இறைச்சிக்கூடத்துக்கு வந்த மாடுகளின் சிறுநீரைச் சோதித்தது. சோதனைக்கு உள்ளான தீவனப் பண்ணைகளில் 42 சதவீதத்தில், குறைந்தது ஒரு மாட்டிடமாவது ஆன்டிபயாடிக் தென்பட்டது. பிறகு வேளாண் துறையே இத்தகைய மாடுகளின் ஈரலையும் சிறுநீரகத்தையும் எடுத்துச் சோதித்தது. 2024இல் வெளியிட்ட முடிவின்படி சுமார் 20 சதவீத மாதிரிகளில் எச்சம் இருந்தது. பரிசோதனையும் வெளியாரின் சான்றும் வேண்டும் என்று துறை அழுத்திச் சொன்னது. ஆனால் கட்டாயமாக்கவில்லை.

மூன்றாவது, புல். இறைச்சிக்கு வளர்க்கும் மாட்டுக் கன்றுகள் பெரும்பாலும் தாய்ப்பாலிலும் மேய்ச்சலிலும்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. பெரும்பாலானவை கடைசி மாதங்களில் மக்காச்சோளம் போன்ற தானியம் தின்று கொழுக்கின்றன. அமெரிக்காவில் ‘புல் தின்றது’ என்று போட வேண்டுமானால், பால் மறந்த பிறகு வாழ்நாள் முழுக்கப் புல்லும் தழையும் மட்டுமே தின்றிருக்க வேண்டும், தானியம் கூடாது. ஆனால் வேளாண் துறையின் சந்தைப் பிரிவு இதற்கு வைத்திருந்த தரநிலையை 2016இல் கைவிட்டுவிட்டது. இப்போது இதுவும் காகித அனுமதியோடு போகிறது. இந்த வாசகம் தீவனத்தையும் மேய்ச்சலையும் பற்றி மட்டுமே பேசுகிறது. புல் வளரும் காலத்தில் மாடு மேய்ச்சல் நிலத்துக்குத் தொடர்ந்து போகும் வசதி இருக்க வேண்டும் என்பது துறையின் வழிகாட்டுதல், ஆனால் மற்ற மாதங்களில் பட்டியில் நின்று உலர்புல் தின்றதா என்று வாசகம் சொல்லாது. ஹார்மோனும் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கவில்லை என்றும் அதற்குப் பொருள் இல்லை. புல் தின்ற மாட்டின் கொழுப்பில் ஒமேகா-3 கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மத்தி மீனில் கிடைக்கும் அளவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

ஆகவே பாக்கெட்டைக் கையில் எடுத்தால், முதலில் வாசகம் கறியைப் பற்றியதா, வளர்ப்பைப் பற்றியதா என்று பாருங்கள். ‘எச்சம்’ என்ற சொல் இருந்தால் கறியைப் பற்றியது. அடுத்து, விற்பவரைத் தவிர வேறு யாராவது அதைச் சரிபார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். பண்ணைக்கு நேரில் போய்ச் சோதிக்கும் சான்று அமைப்பின் பெயர் இருந்தால் அதன் விதிமுறையைத் தேடிப் படிக்கலாம். பெயரே இல்லை என்றால், கூடுதல் விலையை நீங்கள் கொடுப்பது விற்பவரின் வார்த்தைக்கு மட்டும்தான். எந்த வாசகம் இருந்தாலும் கறியில் நோய்க்கிருமி இல்லை என்று அர்த்தமாகாது. பச்சைக் கறி தொட்ட கையையும் பலகையையும் கழுவுவதும், உள்வரை வேகவைப்பதும் எல்லாக் கறிக்கும் ஒன்றுதான்.