‘செலக்ட் ஆயிட்டீங்க’ என்றால் என்ன அர்த்தம்?

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண் என்று வைத்துக்கொள்வோம். வயது 34. சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வீட்டுப் பணிப்பெண் தேவை. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் பாட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடியோ காலில் வீட்டுக்காரம்மா கால் மணி நேரம் பேசினார். பாட்டியைத் தூக்கி உட்கார வைக்கத் தெரியுமா, டயப்பர் மாற்றிப் பழக்கம் உண்டா என்று கேட்டார். சம்பளம் 600 வெள்ளி என்றார். அன்று மாலையே ஊர் ஏஜென்ட் போன் செய்து, “செலக்ட் ஆயிட்டீங்கம்மா, பாஸ்போர்ட்டைக் கொடுங்க” என்கிறார்.

வீட்டுக்காரம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பதற்கு மேல் அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை. வேலை உறுதியாவது சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் முன்அனுமதிக் கடிதத்தில்தான். எல்லோரும் ஐபிஏ என்று சொல்லும் தாள் அது. இன்டர்வியூவுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் இருக்கும் நாட்களில் ஏஜென்சியிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் இரண்டு வருடத்துச் சம்பளம் அடங்கியிருக்கிறது.

முதல் இரண்டு, மூன்று நாள் பொறுக்கலாம். அந்த வீட்டார் வேறு பெண்களிடமும் பேசியிருப்பார்கள். அதற்குப் பிறகும் தகவல் இல்லை என்றால், “என்ன ஆச்சுண்ணே?” என்று போனில் கேட்டால், “பார்த்துக்கலாம்மா” என்றுதான் பதில் வரும். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டால் பதிலும் எழுத்தில் நிற்கும். இப்படி அனுப்பலாம்:

“அண்ணே, செவ்வாய்க்கிழமை பேசின வீட்டில் முடிவு சொல்லிட்டாங்களா? ஐபிஏவுக்கு விண்ணப்பம் போட்டாச்சா, எந்தத் தேதியில்? சம்பளம் 600 வெள்ளிதானே? என்கிட்ட மொத்தம் எவ்வளவு பிடிப்பாங்க, எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதி அனுப்புங்க.”

கடைசிக் கேள்வியில்தான் சிக்கல் தெரியவரும். சிங்கப்பூர் ஏஜென்சி ஒரு பணிப்பெண்ணிடம் வாங்கும் கட்டணத்துக்கு அந்நாட்டுச் சட்டத்தில் வரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். நம் பெண்ணின் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு 1,200 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. ஆனால் ஏஜென்ட், “நாலு மாசச் சம்பளம் பிடிப்பாங்க” என்கிறார். மீதி இரண்டு மாதம் எதற்கு? இந்தியாவில் ஆகும் செலவுகள் சிங்கப்பூர் வரம்புக்குள் வராது என்பதால், கூடுதல் தொகை பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் நுழையும். இந்தியப் பக்கமும் வரம்பு இருக்கிறது. அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். அவர் பதிவு பெற்றவரா என்று emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர் ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்பது mom.gov.sg தளத்தில் தெரியும். பெயரைச் சொல்லத் தயங்கும் ஏஜென்சியைத் தேடிப் பார்க்கவே தேவையில்லை.

ஐபிஏ வந்ததும், “வந்திருச்சு” என்ற சொல்லோடு நிற்காமல், தாளையே அனுப்பச் சொல்ல வேண்டும். பணிப்பெண் ஊரை விட்டுக் கிளம்பும் முன் அது அவர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் முதலாளியின் பெயரைப் பாருங்கள். வீடியோவில் பேசியவரோ அவர் வீட்டாரோ இல்லை என்றால், ஆளையே மாற்றிவிட்டார்கள். அடுத்து விடுமுறை நாள். வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. ஓய்வு நாளில் வேலை செய்யச் சம்மதித்தால் அதற்குத் தனிக் கூலி தர வேண்டும். ஆனால் 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, விடுமுறையாகவே விட வேண்டும். படுக்கை நோயாளி இருக்கும் வீட்டில், அந்த நாளில் பாட்டியை யார் பார்ப்பார்கள் என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாகச் சம்பளம். நம் பெண்ணின் தாளில் 550 வெள்ளி என்று இருக்கிறது. ஏஜென்ட், “அது சும்மா பேப்பருக்கும்மா, கையில 600 கொடுப்பாங்க” என்கிறார். நாளைக்குத் தகராறு வந்தால் அமைச்சு எடுத்துப் பார்க்கப்போவது அந்தப் பேப்பரைத்தான். அதில் எழுதிய சம்பளத்துக்குக் குறைவாகத் தந்தால் முதலாளி பதில் சொல்ல வேண்டும். எழுதாத 50 வெள்ளிக்குச் சாட்சியாக ஒரு வீடியோ கால்தான் உண்டு, அதுவும் முடிந்துபோனது. மாதம் 50 என்றால் 24 மாதத்தில் 1,200 வெள்ளி. ஏஜென்சிக்கு உச்சவரம்பில் கட்டும் கட்டணத்தை இன்னொரு முறை கட்டுவதற்குச் சமம்.

“600னு திருத்தின ஐபிஏ வந்ததும் டிக்கெட் போடுங்கண்ணே” என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டியது அப்போதுதான். விமானம் ஏறிய பிறகு கேட்டால், கடனும் பிடித்தமும் தொடங்கிவிட்டிருக்கும். அப்போது வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.