நைட் ஷிஃப்டுக்கு நாசூக்காக ஒரு ‘முடியாது’

மாலை 4 மணிக்கு டீம் லீடரிடமிருந்து வாட்ஸ்அப்: “இன்னைக்கு நைட் ஒருத்தர் லீவு. வர முடியுமா?” முடியாதென்றால் உடனே சொல்லிவிடுங்கள். அவருக்கு அவசரத் தேவை உங்கள் காரணமல்ல, வேறு ஆள் தேட நேரம். “பார்க்கிறேன் சார்” என்று இழுத்து, 7 மணிக்குக் கைவிரித்தால்தான் மனக்கசப்பு.

இப்படி எழுதலாம்: “சார், காலை ஷிஃப்ட் முடிச்சு இப்பதான் வீட்டுக்கு வந்தேன். இன்னைக்கு நைட் வர முடியாது, சாரி சார். சனிக்கிழமை பகல்னா வர்றேன்.”

காரணத்துக்கு ஒரு வரி போதும். நீட்டினால் சாக்குபோலத் தோன்றும். ‘அதைத் தள்ளிப்போட முடியாதா?’ என்ற பேரத்துக்கும் வழிவிடும். சனிக்கிழமை நிஜமாகவே வர முடிந்தால் மட்டும் அந்தக் கடைசி வரியைச் சேருங்கள்.