பெட்டியில் 1200, கைபேசியில் எவ்வளவு?

விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றின் பெட்டியில் ‘ஏசி 1200’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்த 1200 ஒரே இணைப்பின் வேகம் அல்ல, ஒரு கூட்டுத்தொகை. ரூட்டருக்குள் இரண்டு ரேடியோக்கள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதன் உச்சவேகம் நொடிக்கு 300 மெகாபிட். 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதற்கு 867. கூட்டினால் 1167தான் வரும். மீதி 33 விளம்பரத்தின் தாராளம்.

கைபேசியோ மடிக்கணினியோ பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ரேடியோவுடன்தான் இணையும். வைஃபை 7 கருவிகள் சிலவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. ஆகவே ஏசி 1200 ரூட்டரில் தனி ஒரு கருவிக்கு 867தான் மேல்வரம்பு. அதை எட்டவும் கருவியில் இரண்டு ஆன்டெனாக்கள் வேண்டும். மலிவான கைபேசிகள் பலவற்றில் ஒன்றுதான் இருக்கும், அவற்றுக்கு 433.

இந்த 433-உம் ‘லிங்க் ஸ்பீடு’ மட்டுமே. ரேடியோ அலையில் தரவு பாயும் வேகம். அதே அலையில்தான் கைபேசி அனுப்புவதும் பெறுவதும் மாறி மாறி நடக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதித் தரவுக்கும் வந்து சேர்ந்ததற்கான பதில் செய்தி போக வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபை அதே சேனலில் இருந்தால் அது ஓயும்வரை காத்திருக்கவும் வேண்டும். இவை போக, ரூட்டர் இருக்கும் அறையிலேயே ஏறத்தாழ 250 மிஞ்சினால் நல்ல நிலைமை. இடையில் சுவர் வந்தால் லிங்க் ஸ்பீடே இறங்கிவிடும். வீட்டில் இன்னொருவரும் அதே ரேடியோவில் படம் பார்த்தால், நேரம் இருவருக்கும் பங்காகும்.

பெட்டியின் முகப்பு சொல்லாத இன்னொரு தடை, இணையக் கேபிளைச் செருகும் போர்ட். ஏசி 1200 வகையில் பல ரூட்டர்களின் போர்ட்டுகள் 100 மெகாபிட் அளவுள்ளவை. ஒரு வீட்டில் 200 மெகாபிட் ஃபைபர் இணைப்பு இருப்பதாகக் கொள்வோம். மேலே சொன்ன கைபேசிக்கு வைஃபையில் 250 வரை இடமிருந்தும், ரூட்டருக்குள் நுழைவதே 100-க்குள் அடங்கிவிடும். வேகச் சோதனை எத்தனை முறை செய்தாலும் 90-க்கும் 95-க்கும் இடையிலேயே நிற்கும்.

கண்டறியும் வழி எளிது. ரூட்டருக்கு அருகில் நின்று, கைபேசியின் வைஃபை விவரப் பக்கத்தில் லிங்க் ஸ்பீடைப் பார்க்க வேண்டும். அங்கே 433 காட்டியும் சோதனை 95-ஐத் தாண்டவில்லை என்றால், குற்றம் வைஃபையில் இல்லை. போர்ட்டையோ கேபிளையோ சந்தேகிக்கலாம். உள்ளே ஓர் இழை அறுந்த கேபிளும் கிகாபிட் போர்ட்டை 100-க்கு இறக்கிவிடும். மாறாக 72 என்று காட்டினால், கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் தொற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட இணைப்பு உள்ளவர்கள் ரூட்டர் வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். போர்ட் விவரத்தில் ‘10/100’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்துவிட்டு, ‘10/100/1000’ என்று இருப்பதை எடுங்கள்.