31-ஆம் தேதியில் தடுமாறும் சூத்திரம்

2025 ஆகஸ்ட் 31 அன்று வாங்கிய கடனை ஆறு மாதத்தில் அடைக்க வேண்டும். கெடு என்றைக்கு? விரல் விட்டு எண்ணுபவர் பிப்ரவரி 28 என்பார். எக்செல் தாளோ மார்ச் 3 என்று காட்டக்கூடும். A2-வில் தொடக்கத் தேதியும் B2-வில் மாதக் கணக்கும் வைத்துப் பலரும் எழுதும் சூத்திரம் இது:

```
=DATE(YEAR(A2),MONTH(A2)+B2,DAY(A2))
```

எட்டாம் மாதத்தோடு ஆறைக் கூட்டினால் பதினான்கு. அதை அடுத்த ஆண்டின் பிப்ரவரி என்று எக்செல் சரியாகவே புரிந்துகொள்கிறது. பிறகு அந்தப் பிப்ரவரியில் 31-ஆம் நாளைத் தேடுகிறது. மாதம் 28-லேயே முடிந்துவிடுவதால், மிச்சமுள்ள மூன்று நாளையும் மார்ச்சில் எண்ணிவிடுகிறது. பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. 15-ஆம் தேதியில் தொடங்கும் கணக்கு ஒருபோதும் தவறாது. ஜனவரி 31-உடன் இரண்டு மாதம் கூட்டினாலும் மார்ச் 31 என்று சரியாகவே வரும். அதனால்தான் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கிறது. 29, 30, 31-இல் தொடங்கிய வரிகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். முடிவுத் தேதி 1, 2, 3 என்று இருந்தால் அது வழிந்தோடிய தேதி.

இதற்கு மாற்று:

```
=EDATE(A2,B2)
```

அந்த மாதத்தில் அதே தேதி இல்லாவிட்டால் இது மாதத்தின் கடைசி நாளில் நின்றுவிடும். விடையாக 46081 என்று ஓர் எண் தெரிந்தால் பதற வேண்டாம். அதுவும் 2026 பிப்ரவரி 28-தான். கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும்.

மாதத் தவணைப் பட்டியலில் EDATE-ஐயும் தவறாகப் பயன்படுத்த முடியும். முந்தைய வரியோடு ஒரு மாதம், ஒரு மாதம் என்று கூட்டிக்கொண்டே போனால், ஜனவரி 31 பிப்ரவரி 28 ஆகி, அதன்பின் எல்லா மாதமும் 28-லேயே தங்கிவிடும். 31 திரும்பி வராது. ஆகவே தவணை எண்ணை B பத்தியில் எழுதி, ஒவ்வொரு முறையும் முதல் தேதியிலிருந்தே கூட்ட வேண்டும்:

```
=EDATE($A$2,B3)
```

எல்லாவற்றையும் மாதக் கடைசிக்கே தள்ளும் EOMONTH எளிதல்லவா என்று தோன்றலாம். இங்கிலாந்தில் ஒரு குத்தகைதாரர் அப்படித்தான் எண்ணினார். 1978 செப்டம்பர் 30-இல் வந்த நோட்டீசுக்கு நான்கு மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். செப்டம்பர் கடைசிக்கு ஈடு ஜனவரி கடைசி என்று நினைத்து 31-இல் மனுச் செய்தார். டாட்ஸ் எதிர் வாக்கர் என்ற அந்த வழக்கில், கெடு ஜனவரி 30-உடன் முடிந்தது என்று பிரபுக்கள் சபை 1981-இல் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நாளில் அவர் தோற்றார். EDATE-உம் அங்கே ஜனவரி 30 என்றுதான் சொல்லும்.

ஒப்பந்தத்தில் ‘மாதக் கடைசி நாள்’ என்று எழுதியிருந்தால் மட்டுமே EOMONTH-ஐப் போடுங்கள்.