உங்களுக்குத் தெரியுமா? நடுக்கத்தை நீக்கினால் பாதம் வழுக்கும்!

மோஷன் கேப்சர் பதிவில் மூட்டுகள் நடுங்கினால், அசைவின் வளைகோடுகளை லோ-பாஸ் ஃபில்டரில் செலுத்துவார்கள். நடைக்கு, நொடிக்குச் சுமார் 6 அதிர்வுகளுக்கு மேற்பட்ட துடிப்புகளைக் குறைக்கும் பட்டர்வொர்த் ஃபில்டர் பெரிதும் பயன்படுகிறது.

ஆனால் பாதம் தரையில் ஊன்றும்போது அதன் வளைகோடு சட்டென்று தட்டையாக வேண்டும். ஃபில்டர் அந்தத் திருப்பத்தை மழுக்கிவிடுவதால், ஊன்றிய பாதம் வழுக்குகிறது. எனவே பாதத்தின் உயரமும் வேகமும் மிகக் குறைந்த ஃபிரேம்களை வடிகட்டாத மூலப் பதிவிலேயே குறித்துக்கொள்வார்கள். ஃபில்டர் முடிந்தபின் அந்த ஃபிரேம்களில் பாதத்தை ஓரிடத்தில் பூட்டுவார்கள். அதற்கேற்ற முழங்கால் வளைவை இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸ் கணக்கிடும். பூட்டைச் சில ஃபிரேம்களில் படிப்படியாக விடுவிக்காவிட்டால் முழங்கால் வெட்டி இழுக்கும்.

பாதம் ஊன்றியிருக்கும் நேரம் முழுவதும் அதன் இடநிலை வளைகோடு கிடைக்கோடாக இருந்தால், வழுக்கல் நீங்கிவிட்டது என்று பொருள்.