காலையிலேயே ‘ஃபுல்’ காட்டும் பேட்டரி

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவின் தோட்டத்து வீட்டுக்கு மின் இணைப்பு கிடையாது. மாடியில் 500 வாட் சோலார் பேனல், கீழ் அறையில் 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி இரண்டு, ஒரு இன்வெர்ட்டர். இரண்டு ஃபேன், டிவி, நாலைந்து விளக்கு இவ்வளவுதான் ஓட வேண்டும்.

“காலையில எட்டு மணிக்கே நாலு கோடும் எரிஞ்சு ஃபுல்லுன்னு காட்டுதுப்பா. ராத்திரி ஒன்பதரைக்கு இன்வெர்ட்டர் கத்திட்டு நின்னுடுது. பேட்டரியை மாத்திடலாமா?” என்று கேட்டார் சித்தப்பா.

மாற்றியிருந்தால் பல ஆயிரம் ரூபாய் போயிருக்கும், கோளாறு அப்படியே இருந்திருக்கும். சோலார் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தப் புதிர் வருகிறது. அதன் முடிச்சு, ‘ஃபுல்’ என்று காட்டும் சார்ஜ் கன்ட்ரோலர் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறது என்பதில் இருக்கிறது.

பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் சேர்ந்திருக்கிறது என்பது சாதாரண கன்ட்ரோலருக்குத் தெரியாது. தன் டெர்மினலில் அந்த நேரத்தில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதை வைத்துத்தான் கோடுகளை எரிய விடுகிறது. சித்தப்பா வீட்டுக் கருவியில் 25.6 வோல்ட்டைத் தாண்டினால் நாலு கோடும் எரியும்.

பேனலிலிருந்து கரன்ட் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் வோல்ட் இயல்பைவிட உயர்ந்து நிற்கும். பால் பொங்கும்போது பாத்திரம் நிறைந்ததுபோல் தெரிகிறதே, அதுபோல. அடுப்பை அணைத்தால்தான் உள்ளே எவ்வளவு பால் என்று தெரியும். பேட்டரிக்கும் அப்படித்தான். சார்ஜும் ஏறாமல், லோடும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு எடுக்கும் அளவுதான் நம்பத் தகுந்தது. அதற்குத் தோதான நேரம் விடியற்காலை.

மறுநாள் வெயில் ஏறுமுன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். இரண்டு பேட்டரியும் சேர்ந்து 23.6 வோல்ட். இந்த வகை பேட்டரி நிறைந்திருந்தால் ஓய்வில் 25 வோல்ட் இருக்க வேண்டும். மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தால் 1.130. நிறைந்த பேட்டரியில் அது 1.240-ஐ ஒட்டி நிற்கும். பேட்டரி ஏறக்குறைய காலி என்று இரண்டு சோதனையும் ஒரே பதிலைச் சொல்லின.

எட்டு மணிக்குக் கன்ட்ரோலரில் நாலு கோடும் எரிந்தன. அப்போது பேனலிலிருந்து வந்துகொண்டிருந்தது 5 ஆம்பியர். கன்ட்ரோலரின் பேட்டரி டெர்மினலில் 25.9 வோல்ட், கீழே பேட்டரியின் டெர்மினலில் 25.2 வோல்ட். ஒரே ஒயரின் இரண்டு முனைக்கும் நடுவே 0.7 வோல்ட் காணாமல் போயிருந்தது.

அது போன இடம் ஒயர்தான். கன்ட்ரோலரை மாடியில் பேனலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அங்கிருந்து பேட்டரிக்கு 15 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று என்று 30 மீட்டர் ஒயர். அதுவும் 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர். அதன் மின்தடை மொத்தம் 0.14 ஓம் அளவுக்கு வரும். 5 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் விழுந்தால், நடுப்பகலில் 13 ஆம்பியர் ஓடும்போது 1.8 வோல்ட் விழும். தலைமடையில் தண்ணீர் ததும்ப, கடைமடை காய்ந்து கிடக்கும் கதைதான். கன்ட்ரோலர் நிற்பது தலைமடையில்.

காட்டும் கோடு மட்டும் தப்பாக இருந்தால் பரவாயில்லை. சார்ஜ் ஆவதும் இதனால் கெட்டுவிடுகிறது. 28.8 வோல்ட்டை எட்டியதும் ‘பேட்டரி நிறையப் போகிறது’ என்று முடிவுகட்டி, கன்ட்ரோலர் அதற்கு மேல் ஏறவிடாமல் கரன்ட்டைக் குறைக்கத் தொடங்கும். சித்தப்பா வீட்டில் பன்னிரண்டு மணிக்கே அது 28.8-ஐத் தொட்டது. அந்த நேரத்தில் பேட்டரியில் இருந்தது 27 வோல்ட்தான். கரன்ட் குறையக் குறைய ஒயரில் விழுவதும் குறையும் என்பதால், காத்திருந்தால் பேட்டரி மெல்ல நிறைந்திருக்கும். ஆனால் அந்தக் கருவி இரண்டு மணி நேரம் மட்டுமே அப்படி வைத்திருந்துவிட்டு, பராமரிப்பு அளவான 27.4 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இரண்டு மணிக்கு மேல் அடித்த நல்ல வெயில் முழுக்க வீண். பேட்டரி பாதி அளவோடு இரவுக்குள் நுழைந்தது.

பேட்டரியில் கைவைக்கவில்லை. கன்ட்ரோலரை மட்டும் மாடியிலிருந்து இறக்கி, பேட்டரிக்கு ஒரு மீட்டர் தள்ளிச் சுவரில் மாட்டினோம். நீள ஒயர் இப்போது பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே வந்துவிட்டது. பேனல் பக்கம் வோல்ட் தாராளமாக இருப்பதால் அங்கே ஒன்றிரண்டு வோல்ட் விழுந்தாலும் கன்ட்ரோலர் ஏமாறாது. மறுநாள் 13 ஆம்பியர் ஓடும்போது இரு முனைக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்தான். இரவு உபயோகத்தைச் சில நாள் குறைத்துக்கொண்டதில், ஒரு வாரத்தில் ஹைட்ரோமீட்டர் 1.230-ஐத் தொட்டது. படுக்கப்போகும் வரை இன்வெர்ட்டர் கத்துவதில்லை.

இந்த வேலையில் ஒரு வரிசை முக்கியம். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். பேனல் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினால் கன்ட்ரோலர் எரிந்துபோகலாம். ஆசிட்டைச் சோதிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லா வீட்டிலும் குற்றவாளி ஒயர்தான் என்று சொல்லிவிட முடியாது. பச்சை பூத்த டெர்மினல், தளர்ந்த ஸ்க்ரூ, சரியாக அழுத்தாத லக் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். அங்கேயும் மீட்டரில் இரு முனை அளவும் வேறுபடும். இரு முனையிலும் ஒரே அளவு வந்து, அதுவும் வெயில் வந்த கொஞ்ச நேரத்தில் விறுவிறுவென்று ஏறி, ஃபேன் போட்டதும் மளமளவென்று இறங்கினால், கோளாறு பேட்டரிக்குள். பல மாதம் அரை வயிற்றோடு கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு உள்ளே கரன்ட் ஏற இடம் குறைந்து, வோல்ட் மட்டும் எகிறும். ஒயர் கோளாறை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் கடைசியில் வந்து சேரும் இடமும் இதுதான். சித்தப்பாவின் பேட்டரி அந்த நிலைக்குப் போகுமுன் தப்பித்தது.

லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. காலியாவதற்குச் சற்று முன்பு வரை அதன் வோல்ட் பெரிதாக இறங்காது. ஏறும், இறங்கும் ஆம்பியரை எண்ணும் மீட்டர்தான் அதற்கு ஓரளவு உண்மை சொல்லும்.

உங்கள் வீட்டிலும் காலையிலேயே ‘ஃபுல்’ காட்டி இரவில் பேட்டரி கைவிட்டால், புதுப் பேட்டரிக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். வெயில் நன்றாக அடிக்கும்போது கன்ட்ரோலர் டெர்மினலில் ஒரு அளவு, பேட்டரி டெர்மினலில் ஒரு அளவு எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், மாற்ற வேண்டியது ஒயரை, பேட்டரியை அல்ல.